கரண்ட் கம்பி அறுந்து மாடு செத்தால்: ஈ.பி. ஆபீஸுக்கு எழுதும் மனு பற்றிச் சில கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தாலே இந்த மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சென்னை என்றால் பலர் அடுக்குமாடி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், ஆனால் செங்குன்றம், சோழவரம் பக்கம் போனால் வயலும் இருக்கிறது, மாடும் இருக்கிறது, தலைக்கு மேலே பழைய கம்பியும் இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் பல வருடம் இப்படி வந்த மனுக்களைப் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வயலில் மேய்ந்த இரண்டு கறவை மாடு ஷாக் அடித்துச் செத்துவிட்டது. கம்பி அறுந்து கிடந்தது. ஏ.இ.க்கு, அதாவது ஈ.பி. உதவிப் பொறியாளருக்கு, மனு எழுத வேண்டும் என்கிறார்கள். எப்படி எழுதுவது?

நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை "பல முறை சொல்லியும் அலட்சியமாக இருந்த காரணத்தால்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் கோபத்தைக் கொட்டிவிட்டு, எந்தக் கம்பம், எத்தனை மணி என்பதை எழுதாமலேயே முடிந்துவிடும். கோபம் நியாயம்தான். ஆனால் மனுவைப் படிப்பவர் முதலில் தேடுவது தன் பதிவேட்டோடு ஒப்பிட ஒரு நேரமும் ஒரு கம்ப எண்ணும். அது இரண்டும் இருந்தால் "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று சொல்வது கஷ்டம்.

கண்ணால் பார்த்ததை மட்டும், பார்த்த வரிசையில் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"12ஆம் தேதி காலை 6.10க்கு வயலுக்கு வந்தேன். 14, 15 எண் கம்பங்களுக்கு நடுவே போகும் கம்பிகளில் ஒன்று அறுந்து, ஒரு முனை 15ஆம் கம்பத்திலிருந்து தொங்கி, மறுமுனை வரப்போரம் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. அந்த இடத்தில் தண்ணீர் குமிழியிட்டு 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. அதிலிருந்து சுமார் 6 அடியில் நான்கு மாதச் சினையான சிவப்புக் கறவையும், 9 அடியில் இரண்டாம் ஈத்துக் கறுப்பு மாடும் செத்துக் கிடந்தன. இரண்டின் வாயிலும் பாதி மென்ற புல் இருந்தது. 6.20க்கு 94987 94987க்குப் பேசிப் புகார் எண் வாங்கினேன். 7.05க்கு லைன்மேன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினார். அதன் பிறகுதான் நாங்கள் பக்கத்தில் போனோம்."

அந்த 6.10, 7.05 இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கேஸ் இருக்கிறது. கம்பி கீழே விழுந்த பிறகும் அதில் கரண்ட் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கம்பி ஏன் அறுந்தது, ஜாயின்ட் சரியில்லையா, மரக்கிளை விழுந்ததா என்பதையெல்லாம் ஊகித்து எழுதாதீர்கள், நாளைக்கு அது தப்பாகப் போனால் மொத்த மனுவும் சந்தேகத்துக்கு ஆளாகும். கிளை கம்பி மேலேயே கிடந்தால் மட்டும் "கிளை கிடந்தது" என்று எழுதிப் போட்டோ எடுங்கள். போட்டோவில் கம்ப எண்ணும் மாடும் ஒரே படத்தில் வருகிற மாதிரி தள்ளி நின்று ஒன்றாவது வேண்டும்.

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். முத்திரை போட யோசித்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் மின் ஆய்வாளருக்கு. இது பலருக்குத் தெரியாது: 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு மனிதர் இறந்தால் மட்டுமல்ல, விலங்கு இறந்தாலும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. உயிர்ச்சேதம் என்றால் தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவலும், 48 மணி நேரத்துக்குள் எழுத்து அறிக்கையும் மின் நிறுவனம் அனுப்பியாக வேண்டும். அனுப்பினார்களா என்று மனுவின் கடைசி வரியில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கம்பி மாட்டு மேல் படவே இல்லை, ஏழெட்டு அடி தள்ளித்தான் கிடந்தது. "படாமல் எப்படிச் சாகும்? வேறு நோயாக இருக்கும்" என்கிறார்கள்.

படாமலேயே சாகும். கம்பி முனை ஈர மண்ணில் பட்டதும் கரண்ட் எல்லாப் பக்கமும் பரவுகிறது, முனைக்குப் பக்கத்தில் வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி. முன்கால் ஒரு வோல்டேஜில், பின்கால் வேறு வோல்டேஜில் நிற்கிறது, அந்த வித்தியாசம் உடம்பு வழியாக, நெஞ்சைத் தாண்டிப் போகிறது. மனிதனுக்குக் கால் இடைவெளி குறைவு, அதுவும் கரண்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் கூடவே போனவர் சுருக்கென்ற உணர்வோடு தப்பிக்க, மாடு விழுந்துவிடுகிறது. சின்ன ஆடு, கன்று சில சமயம் தப்பிப்பதும் இதனால்தான்.

"அப்படியென்றால் ஃபியூஸ் போயிருக்குமே" என்று அடுத்து கேட்பார்கள். போகாது. 230 வோல்ட் கம்பி, மண்ணின் எதிர்ப்பு 50 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு. ட்ரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் பல வீட்டு லோடைத் தாங்குவது, இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இதே காரணத்தால் நீங்களும் பக்கத்தில் போகாதீர்கள், கயிற்றை அவிழ்க்கக்கூட. உள்ளே மாட்டிக்கொண்டால் காலைத் தூக்கி எட்டு வைக்காமல், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள்.

கேள்வி: அன்றைக்கு ராத்திரி இடியும் இருந்தது. இடி விழுந்துதான் செத்தது என்று எழுதிவிடுவார்களோ?

எழுத வாய்ப்பு உண்டு, போஸ்ட்மார்ட்டத்தில் மட்டும் இதைத் தீர்க்கவும் முடியாது. இடியும் தரை வழியாகத்தான் பெரும்பாலும் கொல்கிறது, குளம்புக்கு மேலே முடி கருகியிருப்பது இரண்டிலும் வரும், சில சமயம் இரண்டிலும் எந்த அடையாளமுமே இருக்காது. அதனால் சுற்றுப்புறம்தான் பேச வேண்டும்: மரப்பட்டை உரிந்திருக்கிறதா, கம்பி எங்கே, மாடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. மாட்டைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். இடி ராத்திரி 2 மணிக்கு நின்றிருந்து, காலை 5.30க்கு நீங்களே பால் கறந்து அவிழ்த்து விட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அறுந்தது 11 கிலோவோல்ட் கம்பி என்றால் இன்னொரு வழியும் உண்டு. அது விழுந்தால் பெரும்பாலும் துணைமின் நிலையத்தில் ஃபீடர் ட்ரிப் ஆகும், அதாவது அங்கிருந்து வரும் அந்த லைன் தானாகவே கட் ஆகும், நேரம் பதிவாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஃபீடரின் அன்றைய பதிவேட்டு நகலைக் கேளுங்கள்.

கேள்வி: வயிறு உப்பி நாற்றம் வந்ததால் அன்றே புதைத்துவிட்டோம். காதுத் தோடும் அதோடு போய்விட்டது.

அவசரப்பட்டுவிட்டீர்கள். கால்நடை உதவி மருத்துவர் பார்க்காமல் புதைத்தால் காரணத்தை நிரூபிக்க வழி குறைந்துவிடும், இன்சூரன்ஸ் இருந்தால் தோடு இல்லாமல் அதுவும் சிக்கல். உடனே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், தோண்டிப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பால் சொசைட்டி பாஸ்புக், பழைய சினை ஊசி, தடுப்பூசிக் குறிப்பு இவற்றைச் சேருங்கள், மாடு இருந்ததற்கு அவை சாட்சி.

மற்றவர்களுக்கும் ஒன்று: மூக்கிலும் பின்பக்கமும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் கம்பி பக்கத்தில் கிடந்தாலும் மாட்டை அறுக்கவோ தோலை உரிக்கவோ விடாதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம், மருத்துவர் வரும்வரை யாரும் தொடக்கூடாது.

கேள்வி: மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று டிவியில் சொன்னார்களே, அது கிடைக்குமா?

அது 2023 மிக்ஜாம் புயலுக்கு அரசு அறிவித்த நிவாரணம், வருவாய்த் துறை வழியாகப் போனது. உங்கள் கேஸ் வேறு, மின் நிறுவனத்திடம் இழப்பீடாகக் கேட்பது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் காட்டும்.

கேள்வி: "காற்றில் அறுந்தது, எங்கள் தப்பு இல்லை" என்றால்?

அறுந்த கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில், யாரோ திருட்டுத்தனமாகக் கரண்ட் எடுத்ததுதான் காரணம் என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதாடியது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஆபத்தான தொழிலை நடத்துபவர் அலட்சியம் இல்லையென்றாலும் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அது மனித உயிர் சம்பந்தப்பட்டது, மாட்டுக்குத் தொகை எவ்வளவு என்று அதில் இருக்காது. பிரிவு அலுவலகத்தில் இதைப் பேசிப் பயனில்லை, சிவில் கோர்ட் வரை போனால் வக்கீலிடம் சொல்லுங்கள்.