கீரையா, செறிவூட்டிய மாவா, மாத்திரையா? ஃபோலேட் கேள்வி பதில்

திருநெல்வேலி, கல்யாணமாகி மூன்று மாதம் ஆனவர்: வாரத்துல நாலு நாள் கீரை சாப்பிடுறேன் அக்கா. குழந்தைக்கு முயற்சி பண்றோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் போடணுமா?

போடுங்கள், இன்றிலிருந்தே. கீரையையும் விட வேண்டாம். ஆனால் இந்த ஒரு வேலைக்குக் கீரையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நாள் கணக்கைப் பாருங்கள். ஜூன் 1 அன்று மாதவிலக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். கரு உருவாவது ஜூன் 15 வாக்கில். அடுத்தது தள்ளிப்போனது ஜூன் 29-ல் தெரியும். கரு உருவாகி 28 நாளுக்குள், அதாவது ஜூலை 13-க்குள், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடி முடிந்துவிடும். நம் ஊரில் பலர் நாள் தள்ளி, கார்டில் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போவதே ஜூலை கடைசியில்தான். அன்று எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் ரத்தம் ஊறுவதற்கு உதவும், மூடாமல் போன குழாயை மூடாது. அந்தக் குழாய் கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா என்ற முதுகெலும்புப் பிளவு, தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டை ஓடும் சரியாக உருவாகாத அனென்செஃபலி. அதனால் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் போட வேண்டும்.

அப்புறம் கீரைக் கணக்கு. உணவில் இயல்பாக இருக்கும் சத்துக்குப் பெயர் ஃபோலேட், மாத்திரையிலும் மாவிலும் சேர்க்கும் அதன் செயற்கை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். பச்சையாக 100 கிராம் பாலக்கில் சுமார் 190 மைக்ரோகிராம் ஃபோலேட் உண்டு. தண்ணீரில் வேகவைத்து நீரை வடித்தால் பாதிதான், ஏறக்குறைய 95, மிஞ்சும். அதையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டோடு சேர்ந்த 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், உணவில் இயல்பாக இருக்கும் ஃபோலேட்டில் 680-க்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த அளவுக்கு வெந்த பாலக் 700 கிராமுக்கு மேல் வேண்டும், தினமும். யாரால் முடியும்?

மதுரை, இரண்டு பேரன் பேத்தி கண்ட பாட்டி: எங்க காலத்துல மாத்திரை ஏது? முருங்கைக்கீரைதான். செயற்கையா செஞ்சது உடம்புல ஒட்டாது, இயற்கையா இருக்கறதுதான் ஒட்டும்னு சொல்றாங்களே.

அம்மா, கீரை நல்லது என்பதில் மறுபேச்சே இல்லை. நீங்கள் கீரையை வேகவைத்த நீரோடு கடைவீர்கள் இல்லையா? அதுதான் சரியான முறை. ஃபோலேட் நீரில் கரையும், அதை வடித்துக் கீழே ஊற்றினால் சத்தும் அதோடு போகும். ஆவியில் வேகவைத்தால் இழப்பு பெரிதாக இல்லை.

ஒட்டுகிற விஷயம் மட்டும் தலைகீழ். கீரையில் உள்ள ஃபோலேட்டுக்குப் பின்னால் ஒரு நீளச் சங்கிலி இருக்கிறது. குடல் அதை வெட்டிய பிறகுதான் உள்ளே எடுக்கும். ஃபோலிக் ஆசிட்டில் அந்தச் சங்கிலி கிடையாது, சூட்டிலும் சேமிப்பிலும் கெடாமல் நிற்கும். 1996-ல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனையில் பெண்களை மூன்று மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரை, இன்னொன்றுக்கு அதே அளவு சேர்த்த உணவு, மற்றொன்றுக்கு இயல்பாகவே ஃபோலேட் மிகுந்த காய்கறி, பழம். ரத்தச் சிவப்பணுவில் ஃபோலேட் தெளிவாக ஏறியது முதல் இரண்டு குழுக்களில்தான்.

உங்கள் காலத்திலும் இந்தக் குறையோடு குழந்தைகள் பிறந்தார்கள் அம்மா. அப்போது ஸ்கேன் இல்லை. இறந்து பிறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவும் மாட்டார்கள்.

சென்னை, ஐடி வேலையில் இருப்பவர்: நாங்க +F போட்ட அட்டாதான் வாங்குறோம். அமெரிக்காவுல மாவுல சேர்த்தே இந்தப் பிரச்சினையைக் குறைச்சாங்கன்னு படிச்சேன். அப்போ என் மனைவிக்கு மாத்திரை எதுக்கு?

நீங்கள் படித்தது உண்மை. அமெரிக்கா 1998 ஜனவரியிலிருந்து செறிவூட்டிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சேர்க்கச் சொன்னது. சிலி நாடு 2000-ல் 220 என்று வைத்தது, அங்கே இந்தக் குறைபாடு ஏறக்குறைய பாதியானது.

இப்போது உங்கள் வீட்டுப் பாக்கெட்டுக்கு வாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. செறிவூட்டிய அட்டாவுக்கு வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். அமெரிக்கக் கணக்கு 100 கிராமுக்கு, நம் கணக்கு கிலோவுக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு சப்பாத்திக்கு 100 கிராம் மாவு என்று வையுங்கள். சேர்த்த ஃபோலிக் ஆசிட் 7.5 முதல் 12.5 மைக்ரோகிராம்தான். கோதுமையில் இயல்பாகவே இருக்கும் ஃபோலேட் இதைவிட அதிகம். மாவை மட்டும் நம்பி 400-ஐத் தொட வேண்டுமானால், மேல் வரம்பு வைத்துப் பார்த்தாலும், நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் மாவு பிசைய வேண்டும்.

அட்டா வீண் என்று சொல்லவில்லை. அதில் இரும்பும் பி12-உம் சேர்க்கிறார்கள். ஆனால் +F முத்திரை "சேர்த்திருக்கிறோம்" என்று மட்டுமே சொல்கிறது, எவ்வளவு என்பதைப் பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். செறிவூட்டிய அரிசிக்கும் இதே கிலோ கணக்குதான். சோற்றைக் கஞ்சி வடித்துச் சாப்பிடும் வீடுகளில் அதிலும் கொஞ்சம் போய்விடும். இந்த அளவை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திட்டமிடாமல் கரு உண்டாகும் பெண்ணிடம் மூன்று மாதம் முன்பே போய்ச் சேரக்கூடியது மாவும் அரிசியும்தான், மாத்திரை அல்ல.

கிராமச் சுகாதாரச் செவிலியர், ஓய்வு பெற்றவர்: பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நீல மாத்திரை குடுத்திருக்கேன். அதுல ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். வாரத்துக்கு ஒண்ணு என்பதால நாளுக்கு 71 தான் வருது. உலக சுகாதார நிறுவனம் வார மாத்திரைக்கு 2.8 மில்லிகிராம்னு சொல்லுது. இதையும் எழுதுங்க.

நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. 2.8 மில்லிகிராம் என்பது 400-ஐ ஏழால் பெருக்கிய கணக்கு. நீல மாத்திரை ரத்தசோகைக்காக வந்தது, அந்த வேலையை அது செய்கிறது. பிரச்சினை என்னவென்றால், "பள்ளியிலிருந்தே இரும்புச்சத்து மாத்திரை போட்டவள், இவளுக்குத் தனியாக எதற்கு?" என்று கல்யாணமான பிறகு வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். தனியாக வேண்டும்.

சேலம்: என் முதல் குழந்தைக்கு 13 வாரத்துல ஸ்கேன் பண்ணி மண்டை ஓடு உருவாகலைன்னு சொன்னாங்க. நான் தினமும் கீரை சாப்பிட்டவ. மாத்திரையும் ரெண்டாவது மாசத்துல ஆரம்பிச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல.

நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. இரண்டாவது மாதத்தில் தொடங்கியது, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால். முன்பே தொடங்கியிருந்தாலும் தடுத்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சீனாவில் 400 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1999-ல் வெளியானது. பாதிப்பு அதிகமாக இருந்த வட பகுதியில், கருத்தரிக்கும் முன்பிருந்தே போட்டவர்களிடம் 79 சதவீதம் குறைந்தது, தென் பகுதியில் 41 சதவீதம்தான். மிச்சத்துக்கு வேறு காரணங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்கான வால்புரோயேட் மாத்திரை, மரபு, இன்னும் தெரியாதவை.

அடுத்த முறைக்கு உங்கள் அளவு வேறு. ஒரு முறை இப்படி நடந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய சோதனை உங்களைப் போன்ற தாய்மார்களுக்காகத்தான். தினமும் 4 மில்லிகிராம் போட்டவர்களிடம் 72 சதவீதம் குறைந்தது. நம் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். கருத்தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், முதல் குழந்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், சர்க்கரையும் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கும் கடையில 5 மில்லிகிராம்தான் குடுத்தாங்க. முன்னாடி பிரச்சினை எதுவும் இல்ல. போடலாமா?

உங்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், அதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாருக்குமே 5 எழுதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதிய சீட்டு என்றால் அவரிடம் காரணம் கேளுங்கள். கடைக்காரர் கொடுத்தது என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கும்பகோணம், 58 வயது: சுத்த சைவம். ரத்தம் கம்மின்னு நானே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வாங்கிப் போடறேன். ரத்தம் ஏறிடுச்சு. ஆனா கால் மரத்துப்போகுது. நானும் தொடரலாமா?

ஐயா, உங்கள் கதை வேறு, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரியாக்கிக் காட்டிவிடும். அடியில் நரம்புச் சேதம் ஓடிக்கொண்டே இருக்கும், கால் மரப்பது அதன் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து பி12 பரிசோதனை செய்யுங்கள், நீங்களாக வாங்கும் மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தரிக்க நினைக்கும் சைவப் பெண்களுக்கும் இது பொருந்தும். பி12 குறைவாக இருப்பதும் நரம்புக்குழாய்க் குறைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அயர்லாந்து ஆய்வில் தெரிந்தது.

டொராண்டோ: கனடாவில எல்லா மாவிலயும் போடுவினம்தானே? நாங்கள் மூன்று வேளையும் சோறு, இடைக்கிடை ஆட்டா ரொட்டி. எனக்கு மாத்திரை வேணுமோ?

வேண்டும். அங்கே கட்டாயம் என்பது வெள்ளை மாவுக்குத்தான், 100 கிராமுக்கு 150 மைக்ரோகிராம். முழுக் கோதுமை ஆட்டாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கடையில் வாங்கும் புழுங்கல் அரிசிக்கும் இல்லை. பாணும் பாஸ்தாவும் சாப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமலே கிடைப்பது, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் கிடைக்காது. லண்டனில் இருக்கும் சொந்தங்களுக்கும் சொல்லுங்கள். பிரிட்டனில் 2026 கடைசியில் நடைமுறைக்கு வரும் விதியும், 100 கிராமுக்கு 250 மைக்ரோகிராம் என்றாலும், முழுக் கோதுமை மாவை விட்டுவிடுகிறது.