90 நாள் நோட்டீஸ், எந்தத் தேதி எழுதுவது? கேள்வி பதில்

சென்னையில் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். இன்று நோட்டீஸ், சேரும் தேதி மட்டும். சம்பளப் பேரம் இன்னொரு நாள்.

ஜாவா டெவலப்பர், சென்னை: ரெக்ரூட்டர் நோட்டீஸ் பீரியடும் சீக்கிரம் சேரக்கூடிய தேதியும் கேட்டு மெயில் போட்டிருக்கிறார். எனக்கு 90 நாள். இன்னும் பேப்பர் போடவில்லை. என்ன தேதி எழுதுவது?

பேப்பர் போடாதவரிடம் தேதி இருக்காது, கணக்குதான் இருக்கும். அந்தக் கணக்கை அப்படியே எழுதிவிடுங்கள்.

ஆஃபர் லெட்டர் 2026 ஜூன் 12, வெள்ளிக்கிழமை கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15, திங்களன்று பேப்பர் போடுகிறீர்கள். 90 நாள் என்பது பெரும்பாலும் சனி, ஞாயிறு சேர்த்த நாள்தான். உங்கள் அப்பாயிண்ட்மென்ட் லெட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் செப்டம்பர் 12, சனிக்கிழமை முடிகிறது. 14, திங்கள் விநாயகர் சதுர்த்தி. ஆக, 15, செவ்வாய்.

பதில் இப்படி இருக்கட்டும்: "நோட்டீஸ் 90 நாள். இன்னும் ராஜினாமா செய்யவில்லை. ஜூன் 12-க்குள் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் 15 அன்று ராஜினாமா செய்வேன். செப்டம்பர் 15 சேர முடியும். ஆஃபர் தள்ளிப்போனால் சேரும் தேதியும் அத்தனை நாள் தள்ளும்."

கடைசி வரியை விடாதீர்கள். ரெக்ரூட்டர் தன் எக்செல் ஷீட்டில் தேதியை மட்டும் ஏற்றிக்கொள்வார். அப்ரூவலுக்கு அவர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் ஷீட்டில் செப்டம்பர் 15 அப்படியே நிற்கும். தாமதம் உங்கள் தலையில் விழும்.

வாய்ப்பேச்சை நம்பி மட்டும் பேப்பர் போடாதீர்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரட்டும்.

டெஸ்டர், கோவை: இவ்வளவு எதற்கு? "90 நாள், நெகோஷியபிள்" என்று போட்டால் போதாதா?

யார் நெகோஷியேட் செய்யப்போவது? உங்கள் மேனேஜரா, நீங்களா? ரெக்ரூட்டர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் 90-ஐ மறந்துவிடுவார். நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவர் நெகோஷியபிள் என்று எழுதினார். நான் விசாரிக்காமல் கிளையண்டிடம் 45 நாள் என்றேன். அவருடைய மேனேஜர் விடவில்லை. கிளையண்ட் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார். பாதித் தப்பு என்னுடையது.

சீக்கிரம் விடுவார்கள் என்று நம்பிக்கை இருந்தால் இரண்டு தேதி கொடுங்கள்: "உறுதியான தேதி செப்டம்பர் 15. முன்கூட்டியே விடுவித்தால் ஆகஸ்ட் கடைசி வாரம். அது ராஜினாமாவுக்குப் பிறகுதான் தெரியும்."

டெவ்ஆப்ஸ், பெங்களூரு: நெகோஷியபிள் என்றாலே பைஅவுட்தான் சார். மீதி நாளுக்குப் பணம் கட்டினால் மேனேஜர் தடுக்கவே முடியாது. லெட்டரிலேயே இருக்கிறது.

உங்கள் லெட்டரில் இருக்கலாம். நான் பார்த்த பல லெட்டர்களில் "கம்பெனி விரும்பினால்" பணம் பெற்றுக்கொண்டு விடுவிக்கலாம் என்றுதான் இருக்கும். அப்போது முடிவு அவர்கள் கையில். "இரு தரப்பில் யாரும் நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் தரலாம்" என்று இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் உண்டு. அந்தப் பணத்தைப் புதிய கம்பெனி திருப்பித் தருமா என்பதையும் ஆஃபருக்கு முன்பே மெயிலில் கேளுங்கள்.

மீண்டும் அவர்: எனக்குப் பேசிக் மட்டும்தான் பிடித்தார்கள். 20 நாளில் வெளியே வந்தேன்.

இன்னொருவர்: எனக்கு கிராஸில் பிடித்தார்கள். ரிலீவிங் லெட்டருக்கு நாயாய் அலைந்தேன். பேசிக் என்று ஊரைக் கெடுக்காதீர்கள்.

இரண்டு பேர் லெட்டரையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அடுத்தவர்.

சப்போர்ட் இன்ஜினியர், மதுரை: எனக்கு 60 நாள். இம்மீடியட் ஜாயினர் என்று போட்டால் கால் அதிகம் வருமா?

வரும். இரண்டாவது நிமிடத்தில் கட்டும் ஆகும்.

பெயர் வேண்டாம்: ஏற்கெனவே நோட்டீஸில் இருக்கிறேன். ஜூலை 3 கடைசி நாள். நோட்டீஸ் 90 என்றுதானே எழுத வேண்டும்?

வேண்டாம்! 90 என்று பார்த்ததும் உங்களை ஒதுக்கிவிடுவார்கள். "நோட்டீஸில் இருக்கிறேன், கடைசி வேலை நாள் ஜூலை 3, ஜூலை 6 சேரலாம்" என்று எழுதி, கம்பெனி ராஜினாமாவை ஏற்ற மெயிலைக் கேட்டால் காட்டத் தயாராக வையுங்கள். இடையில் லீவு போடாதீர்கள். சில இடங்களில் அத்தனை நாள் கடைசி நாளும் நீளும்.

கணக்காளர், துபாய்: எனக்கு ஒரு மாதம். விசா மாற்ற எத்தனை நாள் சேர்த்து எழுதுவது?

அங்கே ஆள் எடுப்பவரைக் கேளுங்கள். என் அனுபவம் இங்கே மட்டும்.

புதியவர்: 90 நாள், இன்னும் பேப்பர் போடவில்லை, என்ன தேதி...

முதல் பதில்.

இன்னொரு புதியவர்: 90 நாள், நெகோஷியபிள் என்று...

இரண்டாவது பதில். ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா? வராமல் பேப்பர் போடாதீர்கள்.

பெங்களூரு டெவ்ஆப்ஸ்: சார், லெட்டரைத் தேடி எடுத்தேன். "கம்பெனி விரும்பினால்" என்றுதான் இருக்கிறது. ஆனால் பேசிக்தான்!