480 நாள் கணக்கு: ஓசூர் கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓசூர் ஆலை ஒன்றின் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். கேளுங்கள்.

சூளகிரி தம்பி: அண்ணா, 2023 மார்ச்சில் இருந்து ஒரே மெஷின். கான்ட்ராக்டர் பெயர் மூன்றாவது முறை மாறிவிட்டது. மாறும்போதெல்லாம் ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். 480 நாள் உடைந்துவிட்டதா?

உடையாது தம்பி. 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையாக இருக்க வேண்டும். மாதம் 25 நாள் வைத்தால் 24 மாதத்துக்கு 600. உட்கார வைத்த மூன்று வாரத்துக்கு 18 நாளையும், நீங்களே போட்ட லீவு 40 நாள் என்று வைத்து அதையும் கழித்தாலும் 542 நிற்கிறது. தவிர, உங்கள் தப்பு இல்லாமல் வேலை நின்ற நாட்களால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று சட்டம் சொல்வதில்லை.

சிக்கல் நாளில் இல்லை, நீங்கள் யாருடைய ஆள் என்பதில்தான் இருக்கிறது. கம்பெனி, 'இவர் கான்ட்ராக்டர் ஆள், எங்கள் மஸ்டரில் பெயரே இல்லை' என்று சொல்லும். கான்ட்ராக்ட் ஆள் தானாகவே கம்பெனி ஆள் ஆகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனியும் கான்ட்ராக்டரும் போட்ட ஒப்பந்தம் வெறும் காகிதம்தான் என்று காட்ட முடிந்தால் கதையே வேறு. உங்களுக்கு மெஷின் ஒதுக்குவது யார்? லீவுக்கு யாரிடம் நிற்கிறீர்கள்? ரிஜெக்‌ஷன் வந்தால் மெமோ கொடுப்பது யார்? மூன்றுக்கும் கம்பெனி சூப்பர்வைசர் என்பது பதிலானால், கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கும் ஜன்னல் மட்டும்தான்.

இதற்கு ஆதாரம் வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கை எடுங்கள். யுஏஎன் எண் ஒன்றே இருக்கும், அதன் கீழே ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் தனித்தனி மெம்பர் ஐடி இருக்கும். முதல் ஆள் விட்ட தேதியும் அடுத்த ஆள் சேர்த்த தேதியும் ஒட்டி ஒட்டி வந்தால், பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். கேட் பாஸ், ஷிஃப்ட் லிஸ்ட், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய உத்தரவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கான்ட்ராக்டர் மாறும் அன்று ஒரு தாளை நீட்டுவார்கள்: 'கணக்கு முழுவதும் தீர்ந்தது, நானாக விலகுகிறேன்.' படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள்.

பர்கூர் சகோதரி: ஷூ கம்பெனியில் வேலை. மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். டைபாய்டில் படுத்தபோது லீவு காசு கேட்டால் 'நாள் பத்தாது' என்கிறார்கள். நான் தினமும் போனேனே ஐயா?

நீங்கள் போனீர்கள் அம்மா, கணக்கில் நீங்கள் போகவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம். அதில் 78 நாளாவது பணம் கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் எண்ணில் நுழைந்தால் மாதவாரியாக எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அநேகமாக மாதம் 12 நாள் இருக்கும். ஆறு மாதத்துக்கு 72. ஆறு நாளில் போய்விட்டது உங்கள் காசு.

இது கைத்தவறாக வருவது அபூர்வம். தினக்கூலியைக் குறைத்துக் காட்டினால் குறைந்தபட்சக் கூலி விதியில் மாட்டுவார்கள். அதனால் கூலியைச் சரியாகக் காட்டி நாளைக் குறைத்துவிடுவார்கள். கட்ட வேண்டிய தொகை பாதியாகிவிடும். உங்கள் சம்பளச் சீட்டையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கான்ட்ராக்டர் கட்டாததைக் கம்பெனிதான் கட்டியாக வேண்டும், பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். புகாரில் கம்பெனி பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பாகலூர்: பி.எஃப். இரண்டு பங்கும் என் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். சரிதானா?

தப்பு. உங்கள் 12 சதவீதம் மட்டுமே பிடிக்கலாம்.

மத்திகிரி: 480 நாள் முடிந்தது. தானாகவே பர்மனென்ட் ஆகிவிடுமா?

சூளகிரி தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேன்கனிக்கோட்டை: இனி கவலையே வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் புதுச் சட்டம், ஒரு வருடத்திலேயே எல்லோருக்கும் கிராஜுவிட்டி!

பாதி சரி. அது நிர்ணயித்த காலத்துக்கு என்று ஆர்டர் கொடுத்து எடுக்கும் ஆட்களுக்கு. கான்ட்ராக்டர் மூலம் வரும் எல்லோருக்கும் என்று ஆகாது. உங்கள் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆர்டரே தரவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

பர்மனென்ட் ஊழியர்: ஒரு நியாயம் சொல்கிறேன். நாங்கள் ஐ.டி.ஐ. முடித்து, பரீட்சை எழுதி, பயிற்சியில் தேய்ந்து வந்தோம். எங்கள் போனஸ் சங்கம் போராடி வாங்கியது. நேற்று வந்தவருக்கும் அதே வேண்டுமா?

பர்கூர் சகோதரி: நேற்று வந்தவளா? ஏழு வருஷம் ஆச்சு. உங்கள் ஆட்கள் உட்காரும் டேபிளில் உட்கார்ந்ததற்கு எழுப்பி விட்டார்கள். தீபாவளிக்கு உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ், எங்களுக்கு ஒரு பாக்கெட் மிக்சர். இதற்கும் பரீட்சை எழுதணுமா?

பர்மனென்ட் ஊழியர்: டேபிள் விஷயம் தப்புதான் அம்மா. நான் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

காசையே பேசுவோம். சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் வரும் கூடுதல் தொகை அதில் அடங்கியவர்களுக்குத்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் சட்டத்தில் இருப்பது. வருடத்தில் 30 நாள் வேலை செய்து, சம்பளமும் அரசு வைத்த உச்சவரம்புக்குள் இருந்தால் கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. கேண்டீனும் அப்படியே. எங்கள் ஆலையில் டோக்கன் நிறமே வேறு: உங்களுக்கு நீலம், அவர்களுக்கு மஞ்சள். மஞ்சளுக்கு முட்டை கிடையாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கியது, கமிட்டியில் இருந்த நம் பர்மனென்ட் ஆட்களேதான்.

பர்மனென்ட் ஊழியர்: எல்லோருக்கும் முட்டை போட்டால் கேண்டீன் செலவு எங்கள் தலையில் ஏறும் என்று பயந்தோம்.

சூளகிரி தம்பி: அண்ணா, ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவது நாங்கள். நாங்கள் இருப்பதால்தான் உங்கள் ஆட்களை யாரும் தொடவில்லை.

பர்மனென்ட் ஊழியர்: அது உண்மை. ஆனால் எல்லோரையும் நிரந்தரமாக்கினால் கம்பெனி புதிதாக ஒருவரையும் எடுக்காது, என் மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவனும் இப்போது உங்களைப் போல வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில்தான் இருக்கிறான்.

மகனுடைய இ.எஸ்.ஐ. நாட்களை இன்று இரவே பாருங்கள் சார். இந்தச் சண்டையை இங்கே தீர்க்க முடியாது.

பென்னாகரம்: அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு. எங்களுக்கு 480 உண்டா?

ஆலை தவிர வேறு எனக்குத் தெரியாது. தர்மபுரியில் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.

காரிமங்கலம்: கட்டட வேலைக்கு?

கட்டுமானத்தை 1981 சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

காவேரிப்பட்டணம்: ஐயா, 480 நாள் ஆனால் தானாக...

தானாக ஆகாது! இதே கேள்வி இரண்டாவது முறையாக வருகிறது. யாராவது மனு கொடுக்க வேண்டும். ஆலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலரிடம் கொடுங்கள். தனியாகப் போகாமல் ஒரே லைனில் இருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து கொடுங்கள். தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

ராயக்கோட்டை ரோடு: கான்ட்ராக்டர் நாளை ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். மேலே ஒன்றும் எழுதவில்லை. போடலாமா?

இத்தனையும் படித்துவிட்டுமா? போடாதீர்கள். கட்டாயப்படுத்தினால் 'தாள் வெற்றாக இருக்கும்போது கையெழுத்திட்டேன்' என்று தேதியோடு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.