சோலார் போட்ட வாடிக்கையாளரிடம் நல்ல வார்த்தை எப்போது கேட்பது?

"சேலத்தில் வீட்டு மாடிகளுக்கு சோலார் போட்டுக் கொடுக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ரிவ்யூ கேட்டால் 'பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். எப்போது, எப்படிக் கேட்பது?"

பேனல் ஏற்றிய அன்று கேட்காதீர்கள். நெட் மீட்டர் மாட்டிய பிறகு, முழு இரண்டு மாதக் கணக்கோடு முதல் பில் வரும்போது கேளுங்கள். நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன்.

சுவிட்ச் போட்ட அன்று அவர் பார்ப்பது புதுப் பேனலையும் ஓடுகிற இன்வெர்ட்டரையும்தான். பில் குறைந்ததா என்று அவருக்கு இன்னும் தெரியாது. அப்போது எழுதித் தந்தாலும் "நல்ல சர்வீஸ், பையன்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்" என்பதோடு நின்றுவிடும். அதைப் படித்து யாரும் லட்சக்கணக்கில் செலவு செய்ய முன்வர மாட்டார்கள்.

அடுத்து வரும் பில்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மீட்டர் மாட்டுவது பெரும்பாலும் அதன் நடுவில்தான் நடக்கும். அழகாபுரத்தில் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் சிஸ்டம், நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். கணக்கு தொடங்கி 45 நாள் கழித்து நெட் மீட்டர் மாட்டினால், அதற்குள் பழைய முறையிலேயே 600 யூனிட் ஓடிவிட்டிருக்கும். கடைசி 15 நாளில் வீட்டுச் செலவு 200, உற்பத்தி 180. ஆக, பில்லில் வருவது 620. அதுவும் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டதால் விலையும் கூடும். "என்ன தம்பி, இவ்வளவு செலவு பண்ணியும் இப்படி வருதே?" என்றுதான் போன் வரும். அதற்கு அடுத்த பில்லில் 60 நாளும் பேனல் ஓடியிருக்கும். 800-ல் 720 கழிந்து 80-தான் மிஞ்சும். நீங்கள் காத்திருக்க வேண்டியது இந்தப் பில்லுக்கு.

அதனால் மீட்டர் மாட்டும்போதே, "சார், முதல் பில் பாதிக் கணக்குதான், அதைப் பார்த்துக் குழம்பாதீங்க. அதுக்கு அடுத்த பில் வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அப்போதுதான் பிறகு நீங்கள் கூப்பிடும்போது அது காரியத்துக்காகக் கூப்பிட்ட மாதிரி இருக்காது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் போட்டிருந்தால், மானியம் வங்கியில் ஏறிவிட்டதா என்பதையும் முதலில் கேளுங்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அது வராத வரை மனிதர் அதைப் பற்றித்தான் பேசுவார். அதை முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போனில் "ரிவ்யூ போடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "முன்னாடி எவ்வளவு வந்துச்சு, இப்ப எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பேச விடுங்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்விக்கு, "ஏசியை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அணைச்சிட்டு இருந்தோம், இப்ப விடிய விடிய ஓடுது" என்றார். என்னால் யோசித்தும் எழுத முடியாத வரி அது. உடனே, "சார், இப்ப சொன்னதை அப்படியே எழுதி அனுப்பட்டுமா? சரியா இருந்தா நீங்களே கூகுள்ல போட்டுடுங்க" என்று கேட்டு, லிங்க்கையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று மாலையே போட்டுவிட்டார். முக்கால்வாசிப் பேர் தட்டிக்கழிப்பது மனமில்லாமல் அல்ல, என்ன எழுதுவதென்று தெரியாமல்தான். பில் படத்தைப் போடுவதாக இருந்தால் இணைப்பு எண்ணையும் பெயரையும் மறைத்துவிடுங்கள். அதற்கும் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். ரிவ்யூவுக்காகத் தள்ளுபடியோ பரிசோ தருவதைக் கூகுள் விதி அனுமதிப்பதில்லை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எழுதிக் கொடுப்பது ஒன்று, புது ஆளை அவரோடு பேச விடுவது வேறு. எனக்கு வேலை அதிகம் வந்தது இரண்டாவதில்தான். ஆனால் எண்ணை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும், "கன்னங்குறிச்சியில ஒருத்தர் கேட்கிறார், நாளைக்குச் சாயந்தரம் கூப்பிடலாமா?" என்று முன்கூட்டிக் கேளுங்கள். ஒரே ஆளுக்கு மாதம் ஒரு போனுக்கு மேல் திருப்பிவிட்டால் சலிப்பு வந்துவிடும். மீட்டர் வரத் தாமதமானது போன்றவற்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதையும் கேட்ட பிறகுதான் புது ஆள் நம்புகிறார்.

ஏற்காட்டு வீடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. மேகமும் மூடுபனியும் உள்ள மாதங்களில் அங்கே உற்பத்தி குறையும். பில்லும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது. நான் மலை மேலே உள்ளவர்களிடம் பிப்ரவரி, மார்ச் வெயில் சேர்ந்த பில் வரும் வரை பேச்சே எடுப்பதில்லை.