‘தே கியேரோ’ என்றால் மறுப்பா?

“மாட்ரிட்டில் இருக்கும் தோழியிடம் மூன்று மாதமாகப் பேசுகிறேன். ஸ்பானிய மொழியில் ‘தே ஆமோ’, உன்னைக் காதலிக்கிறேன், என்று எழுதினேன். ‘தே கியேரோ முச்சோ’, உன்னை மிகவும் நேசிக்கிறேன், என்று பதில் வந்தது. ஒரு படி இறக்கிவிட்டாளா?”

அவசரப்படாதீர்கள். அவர் ஸ்பெயின்காரர் என்பதுதான் இங்கே முக்கியம். அந்த நாட்டில் கணவன் மனைவிகூட அன்றாடம் சொல்லிக்கொள்வது ‘தே கியேரோ’தான். ‘தே ஆமோ’ பலர் காதில் தொலைக்காட்சித் தொடர் வசனம்போல ஒலிக்கும். மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ கதை வேறு. அங்கே காதலர்களிடையே ‘தே ஆமோ’ கனமானது. அதற்குப் பதிலாக ‘தே கியேரோ’ வந்தால் உங்கள் கவலையில் நியாயம் உண்டு.

நான் கவனிப்பது அந்த ‘முச்சோ’வை. ‘மிகவும்’ என்றுதான் பொருள், ஆனால் வேலை தலைகீழ். அத்தைக்கும் பள்ளித் தோழிக்கும் எழுதுவது ‘தே கியேரோ முச்சோ’. அடைமொழி இல்லாமல் ‘தே கியேரோ’ என்று மட்டும் காதலரிடம் சொல்வதில்தான் எடை அதிகம். ஆகவே இது கதவடைப்பு அல்ல, பாசம். இன்னும் காதல் அறிவிப்பும் அல்ல. மறுப்பு என்றால் ‘தே கியேரோ கோமோ அமீகோ’, நண்பனாக நேசிக்கிறேன், என்று வந்திருக்கும்.

மூன்று மாதத்துக்குப் பொருத்தமானது ‘மே குஸ்தாஸ்’: உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசி ‘ஸ்’ஸை விழுங்காதீர்கள். ‘மே குஸ்தா’ என்றால் பிடித்திருப்பது வேறு எதுவோ ஆகிவிடும். நான் ஒருமுறை ‘மே குஸ்தோ’ என்று எழுதி, என்னையே எனக்குப் பிடிக்கும் என்று அறிவித்தவன்.