மலைக் குளிரில் கடமும் கஞ்சிராவும்: கேள்வி பதில்

கோத்தகிரி: கச்சேரிக்கு முன்னாடி எல்லாரும் கஞ்சிரா உள்பக்கம் தண்ணி தடவுறாங்க. நானும் தடவினேன் சார், தோல் தொளதொளன்னு ஆயிடுச்சு. எவ்வளவு தடவணும்?

மூடுபனி நாளில் ஒரு சொட்டுகூட வேண்டாம். இறுகிய தோலைத் தளர்த்தி நாதத்தைக் கீழே இறக்கத்தான் தண்ணீர். உங்கள் ஊரில் பனியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வெயிலடிக்கும் ஜனவரிப் பகலில் தோல் 'டங்' என்று மேலே நின்றால் மட்டும், நனைத்த விரல்நுனியால் உள்பக்கம் தடவிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஈரம் ஊறுவதற்குள் மறுபடி தடவுவதால்தான் பெரும்பாலும் இந்தத் தொளதொளப்பு வருகிறது.

சோதனை எளிது. வலக்கையால் தட்டிக்கொண்டே இடக்கை விரல்களால் விளிம்பருகே அழுத்துங்கள். நாதம் வழுக்கி மேலேற வேண்டும். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் தோல் அளவுக்கு மீறித் தளர்ந்துவிட்டது. உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றுங்கள், அல்லது ஹீட்டருக்குக் கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். நெருக்கிப் பிடித்தால் ஓரத்தில் ஒட்டு விடும். மேடைக்கு இரண்டு கஞ்சிரா கொண்டுபோவது நல்லது.

ஊட்டி: கடம் மண்ணுதானே, குளிர் அதை ஒண்ணும் செய்யாது. சுருதி சேர்ந்த கடமா எடுத்துட்டா கவலையே இல்ல. சரிதானே?

பாதி சரி. கடத்தின் வயிற்றிலும் கழுத்திலும் விரலடி தரும் கணீர் நாதம் மண்சுவரிலிருந்து வருவது, அது அசையாது. கடத்தின் வாயை உங்கள் வயிற்றோடு அணைத்துத் திறக்கும்போது வரும் கும்கி உள்ளே இருக்கும் காற்றின் ஒலி. காற்று குளிர்ந்தால் அது இறங்கும். 30 டிகிரியில் இருந்ததைவிட 10 டிகிரியில் ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறக்குறைய பாதி குறைந்து கேட்கும். அதனால் கடத்தை வண்டியிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுபோகாமல், அரங்குக்குள் வைத்துச் சூடு ஏறவிடுங்கள். இன்னொன்று: உள்ளே களிமண் அப்பிக் கடத்தின் சுருதியைக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற வழியில்லை. ஐந்து கட்டையில் பாடுகிறவருக்குக் கடம் தேடும்போது சற்று மேலே நிற்பதையே எடுங்கள்.

குன்னூர்: நாங்க மிருதங்கம், கடம், கஞ்சிரான்னு மூணு பேர். ஆதி தாளத் தனியில குறைப்பு வரும்போது கணக்கு எங்கேயோ போயிடுது. அதோட மூணும் ஒரே சத்தமா கேக்குதுன்னு சொல்றாங்க.

முதலில் கணக்கு. ஒற்றைக் களை ஆதியில் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஆளுக்கு ஓர் ஆவர்த்தனம் வாசித்தால் மூன்று ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வந்துவிடுவீர்கள். அடுத்து ஆளுக்கு 16 என்று குறைத்து ஒரே சுற்றோடு விட்டால் மொத்தம் 48. கஞ்சிரா முடிக்கும் இடம் முதல் திருதத்தின் தொடக்கம். மிருதங்கம் அடுத்த 8-ஐ அங்கிருந்து எடுக்கிறார், மற்ற இருவரும் சமத்தை எதிர்பார்க்கிறார்கள், அங்கேதான் தடுமாற்றம். 16-ஐ இரண்டு சுற்று, 8-ஐ நான்கு சுற்று, 4-ஐ எட்டுச் சுற்று வாசியுங்கள். ஒவ்வொரு கட்டமும் 96 மாத்திரை, சரியாக மூன்று ஆவர்த்தனம்.

இனி வண்ணம். மூவரும் ஒரே சொல்லை ஒரே நெருக்கத்தில் வாசிப்பதால்தான் ஒரே சத்தமாகக் கேட்கிறது. கடத்தின் ஒலி அடித்ததும் நின்றுவிடும். அதனால் நெருக்கமான சொற்கள் அதில் ஒவ்வொன்றும் தனித்துத் தெறிக்கும். கஞ்சிரா ஒற்றைக் கை வாத்தியம், அதன் பலம் வழுக்கும் கீழ்நாதம். ஆளுக்கு 4 மாத்திரை என்று வந்தபின் கடம் இரட்டித்து எட்டுச் சொல் கொடுக்கட்டும். கஞ்சிரா அதற்கு முதல் மாத்திரையில் ஒரு நீண்ட 'தொம்', கடைசி இரண்டில் இரு சிறு அடி என்று பதில் சொல்லட்டும். எடுப்பும் முடிப்பும் மட்டும் பிசகக் கூடாது. பாட்டுக்கு வாசிக்கையில் கஞ்சிராவின் காசு அதிகம் கலகலத்தால் சாகித்தியம் மறையும். பல்லவியை மிருதங்கத்துக்கு விட்டு, அனுபல்லவியில் ஒருவர் சேர்ந்தாலே மாற்றம் தெரியும்.

கூடலூர்: சார், எங்க வீட்டுல பழைய தண்ணிப் பானை இருக்கு, நல்லா கணீர்னு இருக்கு. அதுல வாசிச்சுப் பழகலாமா?

விரல் பழக்கத்துக்குச் சரி, பலமாக அடிக்காதீர்கள். வாத்தியமாக ஆகாது. தண்ணீர்ப் பானையின் சுவர் மெல்லியது, கனமும் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் கணீரென்று கேட்டது நாலு விரல் தள்ளி மொட்டையாகக் கேட்கும். மானாமதுரைக் கடத்தின் சுவர் தடிமனாக, அந்த அடியைத் தாங்கவென்றே செய்யப்படுகிறது.

குன்னூர்: சார், மறுபடி நான்தான். கடம் எட்டுச் சொல்லு சொன்னா கஞ்சிராவும் அதே எட்டைத் திருப்பணும், குறைச்சா தோத்த மாதிரின்னு எங்க வாத்தியார் சொல்வார்.

அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு, அதற்கு அடிப்படையும் உண்டு. ஒரே கையின் விரல்களைப் பிரித்து வாசித்து மிருதங்கத்தின் வேகத்துக்கே ஈடு கொடுத்தவர் கஞ்சிரா வித்வான் ஹரிசங்கர். அந்தத் தெளிவு வந்தவர் எட்டையும் திருப்பட்டும். பனியில் தளர்ந்த தோலில் எட்டும் குழைந்து ஒன்றாகிவிடும். அன்றைக்கு நான் 'தொம்' பக்கம்தான். உங்கள் வாத்தியார் சம்மதிப்பாரா என்பதை அவரிடமே கேளுங்கள்.