அப்பத்தாவின் சாபமும் ஓர் ஈயத் தகடும்

கேள்வி: எங்கள் அப்பத்தா கோபம் வந்தால் "உன் வீட்டில எருக்கு முளைக்க" என்பார். துருக்கியிலும் ஏறக்குறைய இப்படித்தான் திட்டுவார்களாம். சம்பந்தமே இல்லாத நாடுகளில்கூட சாபம் ஒரே வார்ப்பாக இருப்பது, தமிழ்தான் எல்லா மொழிக்கும் தாய் என்பதற்குச் சான்றுதானே?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. தாய் என்று சொல்ல ஆசைப்படுவதற்கு முன்னால் அப்பத்தாவின் வாக்கியத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அதில் எழுவாய் எருக்கு. அப்பத்தா எங்கேயும் இல்லை. "நான் உன் வீட்டை இடிப்பேன்" என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மிரட்டல். மிரட்டுகிறவருக்குக் கையில் ஏதாவது பலம் இருக்க வேண்டும். சாபம் விடுகிறவருக்கு அது இல்லை. யாரோ, எதுவோ அதைச் செய்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். செய்பவர் யார் என்று சொல்லாமலே காரியம் நடக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு வினை வடிவம் தேவைப்படுகிறது. நம் இலக்கணம் அதை வியங்கோள் என்கிறது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று அதற்கு நான்கு வேலைகளைப் பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்திருப்பீர்கள். வாழ்த்துக்கும் வைதலுக்கும் ஒரே வடிவம் என்பதைக் கவனியுங்கள். "வாழ்க" என்று எழுதிய சுவரிலேயே அடுத்த கட்சிக்காரர் "ஒழிக" என்று எழுதிவிட்டுப் போகிறார். ஈற்றில் இருக்கும் 'க' மாறவில்லை.

துருக்கியிலும் இதே கதைதான். அவர்கள் வினையின் கடைசியில் 'சின்' என்று ஓர் ஈற்றைச் சேர்ப்பார்கள், நம் பேச்சில் 'அட்டும்' மாதிரி. ஊர்வலத்தில் 'யஷாசின்' என்றால் வாழ்க, 'கஹ்ரோல்சுன்' என்றால் ஒழிக. நீங்கள் கேள்விப்பட்ட வசவு "உன் அடுப்பில் அத்திமரம் நடப்படட்டும்" என்பது. "உன் அடுப்பு அணையட்டும்" என்று அதற்குச் சுருக்கமான இன்னொரு வடிவமும் உண்டு. துருக்கியில் அடுப்பைக் குறிக்கும் சொல்லே குடும்பத்தையும் வம்சத்தையும் குறிக்கும். அடுப்பில் மரம் வளர வேண்டுமானால் அந்த வீட்டில் பல வருஷம் யாரும் சமைத்திருக்கக் கூடாது. கூரையும் இருக்கக் கூடாது. அப்பத்தாவின் எருக்கும் அதையேதான் சொல்கிறது: பெருக்கித் தெளிக்க ஆள் இல்லாத வீடு. ஆள் இல்லாத வீட்டில் செடி முளைப்பதை உசிலம்பட்டிக்காரர் அனத்தோலியாவுக்குப் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அங்கே அத்தி, இங்கே எருக்கு. அவரவர் ஊரில் இடிந்த சுவரில் எது முளைக்கிறதோ அதுதான் சாபத்திலும் முளைக்கிறது.

சரி, வினை வடிவம் ஒன்று. இழக்கச் செய்யும் பொருளும் ஒன்று. இது போதுமா? சாபத்துக்கு இன்னும் சில உறுப்புகள் உண்டு. அவற்றைப் பார்க்க, பாட்டிகளைவிடப் பழைய ஒரு சாபத்தை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். பெயருக்கு ஏற்றபடி வெந்நீர் ஊற்று உண்டு. ரோமானியர் ஆண்ட காலத்தில் அங்கே சூலிஸ் என்ற தேவியின் கோயில் இருந்தது. 1979, 80இல் ஊற்றைத் தோண்டியபோது சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. பெரும்பாலானவை திருட்டுக் கொடுத்தவர்கள் எழுதிப் போட்ட சாபங்கள். பெரிய கொள்ளை எதுவும் இல்லை. கையுறை இரண்டு, வெள்ளிக்காசு ஆறு என்று போகிறது பட்டியல். டோசிலியானுஸ் என்ற ஒருவருடைய தலைமூடி அங்கி களவுபோனது. அவர் தகட்டில் எழுதியதன் சாரம் இது: என் அங்கியைத் திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, தேவி அவருக்குச் சாவைக் கொடுக்கட்டும், என் அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவருக்குத் தூக்கமும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம், இப்போதும் இனிமேலும்.

ஒரு வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, இல்லையா? முதலில் வருவது பெயர் இல்லாத எதிரி. திருடன் யாரென்று தெரியாது. தெரிந்தால் தேவியிடம் போயிருக்கவே மாட்டார், நேராக அவன் வீட்டுக்குப் போயிருப்பார். தெரியாதபோது "எவன் எடுத்தானோ அவன்" என்றுதான் எழுத முடியும். அந்த 'எவன்' பிடி நழுவிப் போய்விடக் கூடாதே என்று ஆணோ பெண்ணோ என்று நாலு பக்கமும் வலை கட்டுகிறார். அதே ஊற்றில் கிடைத்த இன்னொரு தகட்டில் "கிறிஸ்தவரோ அல்லாதவரோ" என்றுகூட இருக்கிறது. புது மதம் வந்ததும் வலையில் அதற்கும் ஒரு கண்ணி. அடுத்து வருவது இழப்பு: தூக்கமும் வம்சமும். கடைசியில் ஒரு நிபந்தனை, கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை. இந்த ஓர் இடத்தில்தான் சாபம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிகிறது. டோசிலியானுஸுக்கு யாருடைய சாவும் வேண்டாம். குளிர் நாட்டில் அங்கி வேண்டும். இப்படி ஒரு தகடு ஊற்றில் விழுந்திருக்கிறது என்ற பேச்சு காதில் விழுந்து, இரவில் தூக்கம் வராத திருடன் தானாகவே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஆனைமலை நினைவுக்கு வர வேண்டும். மாசாணியம்மன் கோயிலில் பொருளைத் தொலைத்தவர்கள் ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசை வெட்டிப் போடுகிறார்கள். சூலிஸ் தேவியின் பக்தருக்கும் மாசாணியம்மன் பக்தருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே நிலைமை: பொருள் போய்விட்டது, ஆள் தெரியாது, விசாரித்துப் பிடித்துத் தர ஆள் இல்லை. ஒரே பூட்டுக்குத் தனித்தனியாகச் சாவி செய்தாலும் பல் ஒரே மாதிரிதான் வரும்.

மிளகாயைச் சொன்னேன். அதில் இன்னோர் உறுப்பு ஒளிந்திருக்கிறது. அம்மிக்கோ ஆட்டுக்கல்லுக்கோ மிளகாய் மேல் எந்தப் பகையும் இல்லை; கல்லுக்கு எரிவதுபோல் திருடனுக்கு எரிய வேண்டும். 'இது எப்படியோ அவன் அப்படி' என்ற இந்த உவமைச் சாபம் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. பழங்காலத்தில் அனத்தோலியாவை, அதாவது இன்றைய துருக்கியை ஆண்ட ஹிட்டைட் அரசின் படைவீரர்கள் சத்தியம் செய்யும்போது மெழுகை நெருப்பில் போட்டு, சத்தியத்தை மீறுகிறவன் இப்படி உருகட்டும் என்பார்கள். ஏதென்ஸில் ஈயத் தகட்டில் எழுதியவர், இந்த ஈயம் குளிர்ந்து உதவாமல் கிடப்பதுபோல அவனும் அவன் காரியங்களும் ஆகட்டும் என்றார். கையில் இருக்கும் பொருள் எதுவோ அதுவே உவமை. தெருவில் நின்று சாபம் விடுகிற பெண்ணுக்கு வேறெதுவும் கையில் இல்லாததால் மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

கையில் மண்கூட வேண்டாம், தன் துயரமே உவமையாகலாம். சிலப்பதிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது கண்ணகியின் சாபம். எனக்கு அதைவிட நீலியின் சாபம்தான் கச்சிதமாகத் தெரிகிறது. அவள் கணவன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான் பரதன். பதினான்கு நாள் அலைந்து திரிந்து, மலையேறி உயிரை விடப் போகும்போது அவள் சொல்வது இது: "எம்முறு துயரம் செய்தோர் யாவதும் தம்முறு துயரம் இற்றாகுக." ஒன்றரை வரி. 'செய்தோர்' என்பது பெயர் சொல்லாத எதிரி. 'இற்று' என்பது, அதாவது இத்தன்மையது என்பது, உவமை. 'ஆகுக' என்பது வியங்கோள். தேவியைக்கூடக் கூப்பிடவில்லை. அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. கண்ணகி கேட்ட நியாயத்துக்குப் பின்னால் இன்னொருத்தியின் நியாயம் நிற்கிறது.

சாபம் விடுகிறவர் எப்போதும் ஏழை எளியவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அரசர்களும் விட்டார்கள். நம் கல்வெட்டுகளில் தானத்துக்குக் கேடு செய்தவன் "கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக் கடவான்" என்று வருமே, அதை வெட்டுவித்தவர்கள் படையும் பட்டாளமும் உள்ளவர்கள்தான். ஆனால் செத்த பிறகு படை உதவாது. இருநூறு வருஷம் கழித்து எவனோ ஒருவன் நிலத்தை அபகரிக்கும்போது, தானம் கொடுத்தவனும் டோசிலியானுஸ் மாதிரிதான், கையில் ஒன்றும் இல்லாதவன். பாபிலோன் அரசன் ஹம்முராபியும் தன் சட்டக் கல்லின் முடிவில், எழுத்தை அழிப்பவனுக்கு எதிராகத் தெய்வங்களை வரிசையாக அழைத்து நீளமாகச் சபித்திருக்கிறான். பின்னால் பக்கத்து நாட்டு ஈலாமியர்கள் அந்தக் கல்லையே தூக்கிக்கொண்டு தங்கள் நகரமான சூசாவுக்குப் போய், கீழ்ப் பகுதியில் சில பத்திகளைச் செதுக்கியும் விட்டார்கள். சாபத்தை யாரும் படித்துச் சொல்லவில்லை போலும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கடன் வாங்கிய சாபங்களும் உண்டு. கி.மு. 672இல் அசீரிய அரசன் எசர்ஹத்தோன் தன் கீழ் உள்ளவர்களிடம் வாங்கிய உறுதிமொழியில், மீறினால் தரை இரும்பாகட்டும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாததுபோல உங்களுக்கும் பெய்யாமல் போகட்டும் என்று இருக்கிறது. விவிலியத்தில் உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் தலைக்கு மேல் வெண்கல வானம், காலுக்குக் கீழ் இரும்புத் தரை. மழை பெய்யக் கூடாது என்று சபிப்பது எவருக்கும் தோன்றும். அதற்காக வானத்தை வெண்கலமாகவும் மண்ணை இரும்பாகவும் ஆக்குவது இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றாது. அங்கே உறவு உண்டு என்று சொல்லலாம். ஆக, வடிவம் ஒத்தால் போதாது. அவசியமே இல்லாத ஒரு விவரம் ஒத்திருக்க வேண்டும். துருக்கியில் அத்திக்குப் பதில் எருக்கே முளைத்திருந்தால் உங்கள் கேள்வியை நானும் யோசித்திருப்பேன்.

கடைசியாக அப்பத்தா. பேச்சுத் தமிழில் சாபத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. "இடி விழ", "நாசமாப் போக" என்பவை இன்னும் உயிரோடு இருக்கும் சாபங்கள். "கட்டையில போறவனே", "பேதியில போவான்" என்பவை பழகித் தேய்ந்து பெயராகிவிட்டவை. வாந்திபேதி ஊரைக் காலி செய்த நாளில் பேதி நிஜமான பயம். இப்போது அது வெறும் விளி. அதனால் வினையின் ஈற்றைக் கவனித்துக் கேளுங்கள். 'போக' என்று முடித்தால் அன்றைக்கு வீட்டுப் பக்கம் போகாதீர்கள். 'போறவனே' என்று கூப்பிட்டால் இலை போட்டாகிவிட்டது என்று அர்த்தம்.